ஐந்து நிமிட வகுப்பறை உரை: கேட்பவர் வழி தவறாமல் இருக்க

“அம்மா, வணக்கம். நான் இளங்கலை புவியியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். ஊர் மதுராந்தகம் பக்கம். சென்ற பருவத்தில் வகுப்பில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஏறத்தாழ 800 சொற்கள் எழுதி மனப்பாடம் செய்து போனேன். பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தபோதே பேராசிரியர் நேரம் முடிந்தது என்று உட்காரச் சொல்லிவிட்டார். ‘நீ எந்த இடத்தில் இருக்கிறாய் என்றே எங்களுக்குத் தெரியவில்லை’ என்று நண்பர்கள் சொன்னதுதான் அதைவிட வருத்தமாக இருந்தது. இந்த முறை எங்கள் பகுதி ஏரிகளைப் பற்றித் தமிழில் பேச வேண்டும். ‘முதலாவதாக, அடுத்ததாக’ என்று சொன்னால் போதுமா? எப்படித் தயாரிப்பது? மூன்று வாரம் இருக்கிறது.”

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். முதலில் அந்த 800 சொற்களை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பேச்சுப் பயிற்சி வகுப்பு எடுத்த ஆண்டுகளில், மாணவர்கள் பேசுவதை நான் கடிகாரம் வைத்துப் பார்ப்பது வழக்கம். அவசரமில்லாமல், கேட்பவருக்கு விளங்கும்படி தமிழில் பேசுகிற ஒருவர் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள்தான் பேசினார். ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் கணக்கு இதைவிடக் கூடுதல். அதைத் தமிழுக்கு அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது நமக்கு ஒரே சொல், ஆனால் அதைச் சொல்லி முடிக்க ஆகும் நேரம் ஒரு சொல்லின் நேரமன்று. நிமிடத்துக்கு 95 என்று வைத்தால் உங்களுடைய 800 சொற்களுக்கு எட்டரை நிமிடம் தேவை. எனவே பேராசிரியர் உங்களை நிறுத்தியதற்குக் காரணம் மேடைப் பயமோ திறமைக் குறைவோ அன்று. அந்த உரை எழுதி முடித்த அன்றே ஐந்து நிமிடத்துக்குள் அடங்காததாக இருந்தது.

உங்கள் வேகத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். எழுதிய பகுதி ஒன்றை, எதிரே ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்து உரக்கப் பேசுங்கள். நின்ற இடம்வரை சொற்களை எண்ணுங்கள். மனத்துக்குள் படித்து அளக்க வேண்டாம், அது எப்போதும் வேகமாகவே ஓடும். உங்களுக்கும் 95 வருகிறது என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். ஐந்து நிமிடத்தையும் பேச்சால் நிரப்பக் கூடாது. முன்னே வந்து நிற்பதற்கும், இடையில் நிறுத்துவதற்கும், கரும்பலகையைக் காட்டுவதற்கும் 20 நொடியாவது வேண்டும். மீதி 4 நிமிடம் 40 நொடி. அதாவது ஏறத்தாழ 440 சொற்கள். சென்ற முறை எழுதியதில் பாதியைவிடச் சற்றே கூடுதல்.

440 சொற்களில் ‘எங்கள் பகுதி ஏரிகள்’ என்ற தலைப்பு அடங்காது. வரலாறு, பாசனம், நிலத்தடி நீர், பறவைகள், ஆக்கிரமிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் ஒதுக்கினால் எதுவும் மனத்தில் நிற்காது. ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, ஐந்து நிமிடமும் அதற்கு விடை சொல்வதாக அமைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடத்துக்கும் ஊருக்கும் பொருந்துகிற கேள்வி ஒன்றை நான் சொல்கிறேன்: மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் ஓர் ஏரி நிரம்பாமல் போவது ஏன்? இதற்கு விடை நில அமைப்பில் இருக்கிறது, புவியியல் மாணவருக்கு ஏற்றது. நம் பகுதி ஏரிகளில் பெரும்பாலானவை தனித்தனிக் குளங்களல்ல. சரிவில் ஒன்றன் கீழ் ஒன்றாக அமைந்த சங்கிலி. மேல் ஏரி நிரம்பி, மிகுதி நீர் வெளியேறக் கரையில் கட்டிய கலங்கலில் வழிகிற மறுகால் தண்ணீர்தான் கீழ் ஏரிக்கு வரத்து. இடையில் எங்கே அறுந்தாலும் கீழே உள்ள ஏரி காயும். இந்த ஒரு கருத்தைத் தொடர்ந்து மூன்று படியில் சொல்லலாம்: ஓர் ஏரியின் உறுப்புகள், ஏரிகளின் சங்கிலி, சங்கிலி அறுபடும் இடங்கள்.

மதுராந்தகத்துக்காரர் என்பதால் ஏரி காத்த இராமர் கதையைச் சொல்லாமல் இருக்க உங்களுக்கு மனம் வராது. பெருமழையில் கரை உடையுமோ என்று அஞ்சி இரவில் பார்க்கப் போன ஆங்கிலேயக் கலெக்டர் பிளேஸ், வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்பதைக் கண்டார் என்ற கதை கேட்க அழகானது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைச் சரியாகச் சொல்ல ஒன்றரை நிமிடம் ஆகும், உங்கள் கேள்விக்கும் அதில் விடை இல்லை. அந்தக் கதையில் கரை உடையாமல் நிற்கிறது. உங்கள் கேள்வியோ தண்ணீர் ஏன் வந்து சேரவில்லை என்பது. இந்த உரைக்கு அது வேண்டாம்.

இனி, வழிகாட்டுத் தொடர்களுக்கு வருகிறேன். ‘முதலாவதாக, அடுத்ததாக’ என்பது போதாது. ஏன் என்பதற்கு நம் இலக்கண நூலிலேயே நல்ல விளக்கம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், ஒரு நூலுக்குரிய 32 உத்திகள் சொல்லப்படுகின்றன. அவற்றில் ஐந்து உங்களுக்கு நேரடியாக உதவும். சொல்லப்போவதை முதலிலேயே கருதி உணர்த்திவிட்டு உள்ளே போவது நுதலிப் புகுதல். பலவற்றை ஒன்றாகத் தொகுத்துச் சுட்டுவது தொகுத்துச் சுட்டல். பிறகு அவற்றைப் பிரித்துக் காட்டுவது வகுத்துக் காட்டல். இதைப் பின்னால் சொல்வோம் என்பது உரைத்தும் என்றல். இதை முன்னரே சொன்னோம் என்பது உரைத்தாம் என்றல். ஏட்டைப் புரட்டிப் பின்னோக்கிப் பார்க்க முடிந்த வாசகருக்கே இந்தக் குறிப்புகள் தேவைப்பட்டன. புரட்ட ஏடில்லாமல் காதால் மட்டும் கேட்கிற உங்கள் வகுப்புத் தோழர்களுக்கு இவை எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

தொடக்கத்தில் வேண்டியவை நுதலிப் புகுதலும் தொகுத்துச் சுட்டலும். ‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்கி ஒவ்வொருவரையும் தனித்தனியே விளிக்கும் வழக்கம் மேடைக்கு உரியது. ஐந்து நிமிட வகுப்பறை உரையில் அது அரை நிமிடத்தை எடுத்துக்கொள்ளும். ‘அனைவருக்கும் வணக்கம்’ என்ற ஒன்றே போதும். உடனே இப்படித் தொடங்கலாம்: “மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் சில ஏரிகள் நிரம்புவதில்லை. ஏன்? இந்தக் கேள்விக்கு மூன்று படியில் விடை சொல்கிறேன். முதலில், ஓர் ஏரியின் உறுப்புகள். இரண்டாவது, ஏரிகளின் சங்கிலி. மூன்றாவது, அந்தச் சங்கிலி அறுபடும் இடங்கள்.” இவ்வளவுக்கும் 20 நொடிக்கு மேல் ஆகாது. ‘உறுப்புகள், சங்கிலி, அறுபடும் இடங்கள்’ என்று மூன்றுக்கும் பெயர் வைத்திருப்பதைக் கவனியுங்கள். ‘மூன்று விஷயங்கள் சொல்லப் போகிறேன்’ என்று எண்ணிக்கையை மட்டும் சொன்னால், கேட்பவருக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை.

இங்கே வைத்த பெயர்களைக் கடைசிவரை மாற்றாதீர்கள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது என்று பள்ளிக் கட்டுரையில் பழகியிருப்பீர்கள்; அதனால் தொடக்கத்தில் ‘சங்கிலி’ என்றதை நடுவில் ‘பிணைப்பு’ என்றும், பிறகு ‘நீர்நிலைத் தொடரமைப்பு’ என்றும் மாற்றத் தோன்றும். படிப்பவருக்கு அது நயம். கேட்பவர் மூன்று வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று நினைப்பார். கூறியது கூறல் குற்றம் என்று அதே நன்னூல் சொல்வது உண்மைதான். கருத்தையே மறுபடி விரிப்பதை அது குற்றம் என்கிறது. முன்பு அறிவித்த பெயரை அதற்குரிய இடம் வந்தபோது சொல்வது அந்தக் குற்றத்தில் சேராது.

அடுத்து, ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குப் போகும் மூட்டு. உரை பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெறும் ‘அடுத்ததாக’ என்பது புதிதாக ஒன்று வருகிறது என்று மட்டுமே சொல்கிறது. முந்தையது முடிந்ததா, அதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது, வரப்போவதற்கும் அதற்கும் என்ன உறவு என்பவற்றை அது சொல்வதில்லை. நல்ல மூட்டு இரண்டு வாக்கியம் கொண்டது. முதல் வாக்கியம் முடித்ததைச் சொல்லும், இரண்டாவது வரப்போவதைச் சொல்லும். உங்கள் உரையின் முதல் மூட்டு இப்படி இருக்கலாம்: “வரத்துக்கால் வழியாக உள்ளே வருகிறது, மதகு வழியாக வயலுக்குப் போகிறது, மிஞ்சியது கலங்கலில் வழிகிறது, இவையே ஓர் ஏரியின் உறுப்புகள். இனி இரண்டாவது: கலங்கலில் வழிந்த தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தால், ஏரிகளின் சங்கிலி தெரியும்.” முதல் பகுதி கலங்கலில் முடிகிறது, இரண்டாவது பகுதி அதே கலங்கலிலிருந்து தொடங்குகிறது. முடிந்த சொல்லையே பிடித்து அடுத்ததைத் தொடங்குவது நமக்குப் பழகிய அந்தாதி முறைதான். கேட்பவர் மனம் அதில் தானாக நகர்ந்து வரும்.

இரண்டாவது மூட்டும் அதே வார்ப்பில் அமையட்டும். “மேல் ஏரியின் கலங்கலும் கீழ் ஏரியின் வரத்துக்காலும் சேர்ந்ததுதான் சங்கிலி என்று பார்த்தோம். அப்படியானால் அது எங்கெங்கே அறுபடும்? அதுதான் மூன்றாவது.” இங்கே கேள்வி வடிவத்தில் வைத்திருக்கிறேன். மூட்டில் எழுப்பும் கேள்வி, அந்த நொடியில் கேட்பவர் மனத்திலும் எழக்கூடியதாக இருக்க வேண்டும். ‘சங்கிலி என்றால் என்ன?’ என்று கேட்டுவிட்டு நீங்களே அகராதிப் பொருள் சொன்னால், கேள்வி வெறும் அலங்காரமாக நின்றுவிடும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. காரணங்கள் எல்லாம் அதற்கு முன்னால் வரிசையாக வந்து நிற்கின்றன. “வரத்துக்கால்கள் தூர்ந்துபோனதாலும் பல இடங்களில் ஆக்கிரமிக்கப்பட்டதாலும் மேல் ஏரியின் கலங்கலிலிருந்து வெளியேறும் உபரிநீர் கீழ் ஏரியை அடையாமல் வீணாகிறது” என்பது தாளில் குறையில்லாத வாக்கியம். வகுப்பில் இதைச் சொன்னால், ‘வீணாகிறது’ வரும்வரை கேட்பவர் எல்லாவற்றையும் மனத்தில் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும். பாதியில் யாரேனும் இருமினால் எல்லாம் போயிற்று. இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “சங்கிலி அறுபடும் முதல் இடம், வரத்துக்கால். அது தூர்ந்துபோகிறது. சில இடங்களில் அதன்மேல் வீடே எழும்பிவிடுகிறது. அதனால் மேல் ஏரி நிரம்பி வழிந்தாலும் அந்தத் தண்ணீர் கீழே வந்து சேராது.” வழிகாட்டும் சொல் வாக்கியத்தின் தலையில் வந்துவிட்டது, அந்த இடத்தின் பெயர் உடனே சொல்லப்பட்டுவிட்டது, விளக்கம் பிறகு வருகிறது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பகுதியின் முதல் வாக்கியத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒரே மூச்சில் சொல்ல முடியாததாக இருந்தால் இரண்டாக வெட்டுங்கள்.

வழிகாட்டுத் தொடர் ஒவ்வொன்றும் கேட்பவருக்கு நீங்கள் கொடுக்கும் வாக்கு. அதைக் காப்பாற்றாவிட்டால், அது இல்லாததைவிடக் கேடு. என் வகுப்பில் நன்றாகப் படிக்கிற மாணவி ஒருவர் ஐந்து நிமிடத்தில் 14 முறை ‘அடுத்து’ என்றார். அவருக்கு அது மூச்சு வாங்கும் இடம். கேட்டவர்களுக்கோ அது 14 புதிய செய்திகள். மூன்று பகுதி என்று அவர் தொடக்கத்தில் சொன்னதை ஐந்தாவது ‘அடுத்து’விலேயே எல்லாரும் மறந்துவிட்டார்கள். ‘அதாவது’ என்பதும் அப்படித்தான். சொன்னதை எளிமையாக்கப் போகிறீர்கள் என்பது அதன் பொருள். அதன்பின் புதுச் செய்தி வந்தால் கேட்பவர் முந்தையதோடு அதைப் பொருத்திப் பார்த்துக் குழம்புவார். ‘எடுத்துக்காட்டாக’ என்றால் பெயர் சொல்லக்கூடிய ஓர் ஏரியோ ஒரு கலங்கலோ வர வேண்டும், மறுபடியும் பொதுச் செய்தி வரக் கூடாது. மிகுந்த கவனம் வேண்டியது ‘கடைசியாக’ என்ற சொல்லுக்கு. அதைக் கேட்டதும் வகுப்பு குறிப்பேட்டை மூடத் தொடங்கும். அதன்பின் உங்களுக்குக் கிடைப்பது அரை நிமிடம் மட்டுமே. மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் அதைச் செலவழித்துவிட்டால் முடிவுரைக்குச் சொல் இருக்காது. அதனால்தான் உங்களுக்கு ‘மூன்றாவது’ என்று எழுதிக் கொடுத்தேன்.

நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். தொடக்கம் அரை நிமிடம். உறுப்புகளுக்கு 1 நிமிடம் 20 நொடி. வரத்துக்கால், கலங்கல் ஆகிய சொற்களைக் கேட்டிராத நகரத்துத் தோழர்கள் வகுப்பில் இருப்பார்கள், அவர்களுக்கு இந்தப் பகுதி விளங்காவிட்டால் பின்னால் ஒன்றும் விளங்காது. சங்கிலிக்கு 1 நிமிடம் 15 நொடி. அறுபடும் இடங்களுக்கு 1 நிமிடம் 10 நொடி. முடிவுக்கு 25 நொடி. கூட்டினால் 4 நிமிடம் 40 நொடி. இதிலிருந்து நீங்கள் மனத்தில் வைக்க வேண்டியவை இரண்டு அடையாளங்கள்தான்: முதல் மூட்டுக்கு வரும்போது கடிகாரத்தில் 1:50 இருக்க வேண்டும், இரண்டாவது மூட்டில் 3:05.

முழு உரையையும் மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் ஒரு சொல் நழுவினால் மொத்தமாக நின்றுவிடும். மனப்பாடமாக இருக்க வேண்டியவை ஐந்து மட்டுமே: தொடக்கம், இரண்டு மூட்டுகள், முடிவை அறிவிக்கும் தொடர், கடைசி வாக்கியம். உள்ளங்கை அளவுள்ள அட்டைகள் ஐந்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் தலையிலும் இவற்றை முழு வாக்கியமாகப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதன்கீழ் அந்தப் பகுதிக்கு நான்கைந்து சொற்கள் போதும். மூன்றாம் பகுதியின் அட்டையில் ‘வரத்துக்கால் – தூர்தல், வீடு, கலங்கல் – உயர்த்துதல், உடைதல், வண்டல்’ என்று மட்டும் இருக்கட்டும். அட்டைகளுக்கு எண் போட மறவாதீர்கள். ஒருமுறை கீழே விழுந்தால் அதன் அருமை தெரியும்.

கரும்பலகை இருந்தால், உரை தொடங்குமுன் இடது ஓரத்தில் ‘உறுப்புகள், சங்கிலி, அறுபடும் இடங்கள்’ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிடுங்கள். நடுவில் இரண்டு பிறை வடிவக் கரைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, மேலதன் கலங்கலிலிருந்து கீழதற்கு ஒரு கோடு இழுங்கள். பேசும்போது வரையத் தொடங்கினால் வகுப்புக்கு முதுகைக் காட்டியபடி 20 நொடி போய்விடும். படம் முன்னரே இருந்தால் மூன்றாம் பகுதியில் அந்தக் கோட்டின்மேல் ஒரு குறுக்குக் கோடு போட்டாலே போதும். சங்கிலி அறுந்ததை அவர்கள் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

மூட்டு வரும்போது செய்ய வேண்டியது இது. முந்தைய பகுதியின் கடைசி வாக்கியத்தை முடித்து, வாயை மூடுங்கள். அட்டையை மாற்றுங்கள், ஓர் அடி கரும்பலகைப் பக்கம் நகருங்கள், அடுத்த பெயரைக் கையால் காட்டுங்கள், நிமிர்ந்து பார்த்துவிட்டு மூட்டைச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நொடி ஆகும். உங்களுக்கு அது நீண்ட மௌனமாகத் தோன்றும். கேட்பவருக்கு அது பத்தி முடிந்து அடுத்த பத்தி தொடங்குவதற்கான இடைவெளி. பதற்றத்தில் பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். விளக்கத்தின் நடுவில் தயங்கி நிற்கிறார்கள், மூட்டை மட்டும் ஒரே ஓட்டத்தில் முணுமுணுத்துக் கடந்துவிடுகிறார்கள். உங்கள் நண்பர்கள் நீங்கள் இருக்கும் இடம் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். மூட்டு வாக்கியங்களை மற்றவற்றைவிடச் சற்று மெதுவாகவும் சற்று உரக்கவும் சொல்லுங்கள்.

மொழிநடை பற்றி ஒரு சொல். மூட்டுகளை நான் எழுத்துத் தமிழில் தந்திருக்கிறேன். உங்கள் வகுப்பில் பேச்சு நடை ஏற்கப்படுமானால் ‘பார்த்தோம், இனி பார்ப்போம்’ என்பதை உங்கள் வாய்க்கு வருகிறபடி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அட்டையில் எழுதும்போதே மாற்றி எழுதிவிடுங்கள். தாளில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக இருந்தால் நாக்கு தடுக்கும்.

பேசும்போது இரண்டு தவறுகள் நேரலாம். ஒன்று, நேரம் நழுவுவது. இரண்டாவது மூட்டில் கடிகாரம் 3:05க்குப் பதிலாக 3:30 காட்டினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். எதை விடுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்து அட்டையில் கோடிட்டு வையுங்கள். இந்த உரையில் நான் விடச் சொல்வது வண்டலைத்தான். ஏரியில் வண்டல் படிந்தால் கொள்ளளவு குறைகிறது. அது முக்கியமான செய்தி என்றாலும் சங்கிலி அறுபடுவது அதனால் அன்று. “வண்டல் படிவதும் ஒரு சிக்கல், கேட்டால் கேள்வி நேரத்தில் சொல்கிறேன்” என்ற ஒரே வாக்கியத்தில் கடந்துவிடலாம். இதுதான் உரைத்தும் என்றல். அப்படிச் சொன்னால் கேள்வி நேரத்தில் அதற்கு விடை உங்கள் கையில் இருக்க வேண்டும். மற்றது, சொல்ல வந்தது மறந்துபோவது. அப்போது ‘அது வந்து’ என்று இழுக்காமல், உரைத்தாம் என்றலுக்குப் போங்கள். “இதுவரை சொன்னது இது: மேல் ஏரி வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர்” என்று முந்தைய மூட்டைத் திருப்பிச் சொல்லும்போது, அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது பெரும்பாலும் நினைவுக்கு வந்துவிடும். கேட்பவர் இதைத் தடுமாற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார், தொகுத்துச் சொல்வதாகவே எடுத்துக்கொள்வார்.

முடிவுக்கு நன்னூல் ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது. அது எண்ணும் பத்துக் குற்றங்களில் ஒன்று சென்று தேய்ந்து இறுதல். போகப்போகச் சொல்லும் பொருளும் தேய்ந்து முடிவது. ‘அவ்வளவுதான், நேரம் ஆகிவிட்டது, நன்றி’ என்பது அதுதான். முடிவைத் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கே கொண்டு போங்கள்: “முடிவாக, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மழை பெய்தும் ஏரி நிரம்பாதது ஏன்? ஓர் ஏரிக்கு வர வேண்டிய தண்ணீர் இன்னோர் ஏரியின் கலங்கலிலிருந்து வருகிறது. இடையில் உள்ள கால் தூர்ந்தாலோ, மேலே உள்ளவர்கள் கலங்கலை மணல் மூட்டை வைத்து உயர்த்தினாலோ, கீழே உள்ள ஏரி காயும்.” பிறகு நன்றி. நன்றிக்குப்பின் எதுவும் பேசாதீர்கள்.

இருக்கிற மூன்று வாரத்தில் முதல் வாரம் எழுதுவதற்கும் வெட்டுவதற்கும் போகட்டும். ஒருநாள் மாலை உங்கள் ஊர் ஏரியின் கலங்கலுக்குப் போய், வழிகிற தண்ணீர் எந்தத் திசையில் எந்த ஏரிக்குப் போகிறது என்று அங்குள்ள விவசாயி ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘எடுத்துக்காட்டாக’ என்று நீங்கள் சொல்லும் இடத்துக்கு அந்தப் பெயர்கள் தேவைப்படும். இரண்டாவது வாரம் அட்டைகளோடு, நின்றுகொண்டு, கடிகாரம் வைத்து நாளுக்கு இருமுறை பேசுங்கள். மூன்றாவது வாரம் புவியியல் படிக்காத ஒருவரை, வீட்டில் அக்காவோ பக்கத்து வீட்டுத் தம்பியோ, உட்காரவைத்துப் பேசிக் காட்டுங்கள். முடித்ததும் ‘நன்றாக இருந்ததா’ என்று கேட்காதீர்கள். மூன்று பகுதியின் பெயரையும் ஒவ்வொன்றிலும் கேட்டதில் ஒரு செய்தியையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். மூன்றும் சரியாக வந்தால் மூட்டுகள் வேலை செய்கின்றன. மூன்றாவது மட்டும் வரவில்லை என்றால் மூன்றாம் பகுதியைத் திருத்தப் போகாதீர்கள். அதற்கு முன்னால் உள்ள மூட்டைத் திருத்தி, அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகக் கலந்து வந்தால் எங்கோ பெயர் மாறியிருக்கிறது; ‘சங்கிலி’ என்ற சொல்லுக்கு வேறொரு சொல் நுழைந்த வாக்கியத்தைத் தேடி எடுங்கள்.